24 கம்பிகளை ஆளும் ஒரு பைட்

8085 நுண்செயலிக்கு 40 பின்கள் உண்டு. மின்சாரம், கடிகாரம், முகவரி, தரவு, இன்டர்ரப்ட் என்று அவை பங்கிடப்பட்டபின், வெளியிலிருந்து ஒரு சுவிட்சையோ விளக்கையோ நேராக இணைக்க எஞ்சுபவை இரண்டே இரண்டு: ஒரு பிட்டை உள்ளே வாங்க ஒன்று, ஒரு பிட்டை வெளியே அனுப்ப ஒன்று. எட்டுப் பிட் தரவுப் பாதை இருக்கிறதே, அதில் விளக்கை இணைக்கக் கூடாதா என்றால், கூடாது. அந்தப் பாதையில் ஒரு மதிப்பு நிற்பது ஒரு மைக்ரோ வினாடிக்கும் குறைவான நேரம். அடுத்த கணம் அதே கம்பிகளில் நினைவகத்திலிருந்து வரும் அடுத்த கட்டளை ஓடிக்கொண்டிருக்கும். எனவே, தனக்கென வந்த மதிப்பை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளவும், கேட்கும்போது மட்டும் வெளி மதிப்பைத் தரவுப் பாதையில் வைக்கவும் ஓர் இடையாள் தேவைப்படுகிறது.

அந்த வேலைக்காக இன்டெல் நிறுவனம் 1970களில் கொண்டுவந்த சில்லு 8255. இதற்கும் 40 பின்கள். ஆனால், அவற்றில் 24 பின்கள் முழுக்க வெளியுலகுக்கு ஒதுக்கப்பட்டவை. இவை போர்ட் ஏ, போர்ட் பி, போர்ட் சி என எட்டெட்டாகப் பிரிந்திருக்கின்றன. எந்தப் போர்ட் உள்ளீடு, எது வெளியீடு, எந்த முறையில் அது நடந்துகொள்ள வேண்டும் என்பதைச் சில்லைச் செய்தவர் தீர்மானிக்கவில்லை. நிரல் எழுதுபவர் ஒரே ஒரு பைட்டை அனுப்பித் தீர்மானிக்கிறார். அந்த பைட்டுக்குக் கட்டுப்பாட்டுச் சொல் என்று பெயர். தமிழ்நாட்டின் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் 8085 பயிற்சிப் பலகையைத் தொட்ட எவரும் இந்தச் சில்லையும் தொட்டிருப்பார்கள்.

நுண்செயலியின் பக்கத்திலிருந்து பார்த்தால் 8255 என்பது நான்கு முகவரிகள். சில்லில் ஏ0, ஏ1 என்ற இரண்டு முகவரிப் பின்கள் உள்ளன. இரண்டும் 0 என்றால் போர்ட் ஏ. ஏ0 மட்டும் 1 என்றால் போர்ட் பி. ஏ1 மட்டும் 1 என்றால் போர்ட் சி. இரண்டும் 1 என்றால் கட்டுப்பாட்டுப் பதிவேடு. மேல் முகவரிக் கம்பிகளைக் கொண்டு சில்லைத் தேர்ந்தெடுக்கும் சுற்று 80H என்ற முகவரியில் விழித்துக்கொள்ளும்படி அமைத்தால், போர்ட்டுகள் முறையே 80H, 81H, 82H ஆகவும், கட்டுப்பாட்டுப் பதிவேடு 83H ஆகவும் அமையும். நிரலில் இவற்றுடன் பேச `IN`, `OUT` என்ற இரண்டு கட்டளைகள் போதும்.

தேர்வுச் சுற்றில் ஒரு கண்ணி இருக்கிறது. 8085 நினைவகத்துடன் பேசும்போதும் போர்ட்டுடன் பேசும்போதும் அதே முகவரிக் கம்பிகளைத்தான் பயன்படுத்துகிறது. இப்போது பேசுவது யாருடன் என்பதைச் சொல்ல அதனிடம் தனியாக ஒரு பின் உண்டு. அந்தப் பின்னைத் தேர்வுச் சுற்றில் சேர்க்க மறந்தால், நினைவகத்தில் எழுதப்படும் சில மதிப்புகள் 8255இலும் போய் விழும். அப்போது விளக்குகள் காரணமின்றி மாறும். நிரலில் எத்தனை முறை தேடினாலும் பிழை கிடைக்காது. பிழை இருப்பது கம்பியில்.

மோடு 0: வெறும் போர்ட்

8255 மூன்று மோடுகளில் இயங்கும். முதலாவதான மோடு 0 மிக எளியது. வெளியீடாக வைத்த போர்ட்டில் ஒரு மதிப்பை எழுதினால், அடுத்த மதிப்பு வரும்வரை அது பின்களில் அப்படியே நிற்கும். உள்ளீடாக வைத்த போர்ட்டை வாசித்தால், வாசிக்கும் அந்தக் கணத்தில் பின்களில் என்ன இருக்கிறதோ அதுவே கிடைக்கும். உள்ளீட்டில் பிடித்துவைத்தல் கிடையாது. ஒரு சுவிட்ச் அழுத்தப்பட்டு, நிரல் வந்து பார்க்கும் முன் விடப்பட்டுவிட்டால், அழுத்தியதற்கான தடயமே இருக்காது.

போர்ட் சி மட்டும் மேல் நான்கு, கீழ் நான்கு என இரண்டு பாதிகளாகப் பிரிகிறது. ஒரு பாதி உள்ளீடாகவும் மறு பாதி வெளியீடாகவும் இருக்கலாம். போர்ட் ஏயும் சியின் மேல் பாதியும் ஒரு குழு. போர்ட் பியும் சியின் கீழ் பாதியும் மற்றொரு குழு. இந்தப் பிரிவினை ஏன் என்பது மோடு 1இல்தான் புரியும். ஆனால் கட்டுப்பாட்டுச் சொல்லின் அமைப்பு இதைப் பின்பற்றியே இருக்கிறது.

கட்டுப்பாட்டுச் சொல்லை இடமிருந்து வலமாக வாசிக்கலாம். இடக்கோடியில் இருக்கும் 7ஆம் பிட் 1 என்றால் ‘இது மோடு அமைக்கும் சொல்’ என்று பொருள். 6ஆம், 5ஆம் பிட்டுகள் முதல் குழுவின் மோடைச் சொல்கின்றன: 00 என்றால் மோடு 0, 01 என்றால் மோடு 1, 6ஆம் பிட் 1 ஆனால் மோடு 2. நான்காம் பிட் போர்ட் ஏயின் திசை. மூன்றாம் பிட் சியின் மேல் பாதியின் திசை. இரண்டாம் பிட் இரண்டாம் குழுவின் மோடு. இந்தக் குழுவுக்கு 0, 1 என்ற இரண்டு மோடுகளே உண்டு என்பதால் ஒரு பிட் போதும். முதலாம் பிட் போர்ட் பியின் திசை. வலக்கோடியிலுள்ள 0ஆம் பிட் சியின் கீழ் பாதியின் திசை. திசைகள் எல்லாவற்றிலும் 1 என்றால் உள்ளீடு, 0 என்றால் வெளியீடு. இதற்கு நேர்மாறான வழக்கமுள்ள சில்லுகளும் உண்டு. அவற்றில் பழகியவர்கள் முதல் நாளில் தடுமாறுவது இங்கேதான்.

ஒரு தண்ணீர்த் தொட்டி

மாடித் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரைத் தானாக இயக்கும் ஓர் அமைப்பை எடுத்துக்கொள்ளலாம். தொட்டியின் அடியிலிருந்து விளிம்புவரை எட்டு மிதவைச் சுவிட்சுகள் போர்ட் ஏயில் இணைகின்றன. அடிமட்டச் சுவிட்ச் 0ஆம் பிட்டிலும் விளிம்புச் சுவிட்ச் 7ஆம் பிட்டிலும் இருக்கின்றன. நீர் தொட்டால் 1, தொடாவிட்டால் 0. போர்ட் பியில் நீர்மட்டம் காட்டும் எட்டு எல்.இ.டி. விளக்குகள். போர்ட் சியின் 0ஆம் பின் மோட்டாரின் ரிலேக்கு. சியின் மேல் பாதி, பிற்பாடு கைச்சுவிட்சுகள் வைப்பதற்காக உள்ளீடாக இருக்கட்டும்.

இனிக் கட்டுப்பாட்டுச் சொல்லை எழுதலாம். மோடு அமைக்கும் சொல் என்பதால் 7ஆம் பிட் 1. முதல் குழு மோடு 0, ஆகவே 00. போர்ட் ஏ உள்ளீடு: 1. சியின் மேல் பாதி உள்ளீடு: 1. இரண்டாம் குழுவும் மோடு 0: 0. போர்ட் பி வெளியீடு: 0. சியின் கீழ் பாதி வெளியீடு: 0. வரிசையாக வைத்தால் 1001 1000, பதினாறடிமானத்தில் `98H`.

மோட்டாரைப் போட, நிறுத்த, போர்ட் சி முழுவதையும் எழுத வேண்டியதில்லை. அதே கட்டுப்பாட்டுப் பதிவேட்டுக்கு 7ஆம் பிட் 0 ஆக உள்ள ஒரு சொல்லை அனுப்பினால் அது வேறு பொருள் கொள்ளும்: சியின் ஒரே ஒரு பின்னை மட்டும் மாற்று. 3, 2, 1 ஆகிய பிட்டுகளில் பின்னின் எண்ணும், 0ஆம் பிட்டில் புதிய மதிப்பும் இருக்கும். 0ஆம் பின்னை 1 ஆக்க `01H`. 0 ஆக்க `00H`. மற்ற பின்கள் அசையாது. இந்தச் சொல்லை போர்ட் சியின் முகவரியான 82Hக்கு அனுப்புவது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. போக வேண்டிய இடம் 83H.

ரிலேயை எந்த மதிப்பில் ஓடவைப்பது என்பது சற்று யோசிக்க வேண்டிய இடம். மின்சாரம் வந்தவுடன் ரீசெட் நிலையில் 8255இன் 24 பின்களும் உள்ளீடாகிவிடும். பழைய வகைச் சில்லில் அவை அந்தரத்தில் நிற்கும். பின்னர் வந்த சீமாஸ் வகையான 82சி55இல் உள்ளிருக்கும் ஒரு மெல்லிய பிடிப்பு அவற்றை 1 நிலையில் நிறுத்தும். ‘1 என்றால் மோட்டார் ஓடும்’ என்று சுற்றை அமைத்தால், நிரல் தொடங்குமுன்பே மோட்டார் ஓட வாய்ப்புண்டு. ஆகவே 0 என்றால் ஓடும், 1 என்றால் நிற்கும் என்று அமைப்பதே நல்லது. ஆனால், மோடு அமைக்கும் சொல்லை எழுதியதும் வெளியீட்டுப் பதிவேடுகள் எல்லாம் 0 ஆகிவிடும் என்பதும் இந்தச் சில்லின் இயல்பு. எனவே `98H` அனுப்பிய உடனே, வேறெதுவும் செய்யுமுன், பின்னை 1 ஆக்க வேண்டும். 3 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் இதற்கான இரண்டு கட்டளைகளும் முடிய 6 மைக்ரோ வினாடி கூட ஆகாது. ரிலே அசையவே சில மில்லி வினாடிகள் தேவைப்படும் என்பதால் அந்த இடைவெளியை அது உணராது.

```
      MVI A,98H
      OUT 83H
      MVI A,01H
      OUT 83H
LOOP: IN  80H
      OUT 81H
      MOV B,A
      ANI 80H
      JNZ FULL
      MOV A,B
      ANI 01H
      JNZ LOOP
      MVI A,00H
      OUT 83H
      JMP LOOP
FULL: MVI A,01H
      OUT 83H
      JMP LOOP
```

முதல் நான்கு வரிகள் சில்லை அமைத்து மோட்டாரை நிறுத்துகின்றன. பிறகு நீர்மட்டத்தை வாசித்து விளக்குகளுக்கு அனுப்புகிறது. விளிம்பு நனைந்திருந்தால் மோட்டார் நிற்கும். அடிமட்டமும் காய்ந்திருந்தால் மோட்டார் ஓடும். இடையில் இருந்தால் எதுவும் மாறாது. ஓடுவது ஓடும், நிற்பது நிற்கும். நீர் அலையடித்து விளிம்புச் சுவிட்ச் விட்டுவிட்டுத் தொட்டாலும் பாதகமில்லை: முதல் தொடுகையில் மோட்டார் நின்றுவிடும், அடி காயும்வரை மீண்டும் ஓடாது.

சுவிட்சுகளை இணைக்கும் விதத்திலும் ஒரு பாதுகாப்பை வைக்கலாம். ஒவ்வோர் உள்ளீட்டையும் மின்தடை ஒன்றின் வழியே 5 வோல்ட்டுக்கு இழுத்து வைத்து, நீர் தொடாதபோது சுவிட்ச் அதைத் தரைக்கு இணைக்கும்படி செய்ய வேண்டும். அப்போது விளிம்புச் சுவிட்சின் கம்பி அறுந்தால் அந்தப் பிட் 1 ஆகிவிடும்; நிரல் தொட்டி நிரம்பிவிட்டதாக எண்ணி மோட்டாரை நிறுத்தும். கம்பி அறுந்து வீட்டுக்குத் தண்ணீர் வராமல் போவது, மாடியிலிருந்து தண்ணீர் வழிவதைவிட மேல்.

8255இன் பின்னால் ரிலேயை நேராக இயக்க முடியாது. பழைய வகைச் சில்லின் ஒரு பின் 0 நிலையில் உறுதியாகத் தாங்குவது 1.7 மில்லி ஆம்பியர்தான். சிறிய 12 வோல்ட் ரிலேயே சுமார் 30 மில்லி ஆம்பியர் கேட்கும். இடையில் 7407 போன்ற ஒரு பஃபர் வேண்டும். அதன் ஒவ்வொரு வெளியீடும் 40 மில்லி ஆம்பியர் வரை தாங்கும். ரிலேச் சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோடும் அவசியம். எல்.இ.டி. விளக்குகளுக்கும் இதேபோல் ஓர் ஓட்டுநர்ச் சில்லு வைப்பதே வழக்கம்.

ஒரு பிட் தவறினால்

இதே அமைப்பில் `98H`க்குப் பதிலாக `88H` என்று தட்டச்சு செய்துவிட்டதாகக் கொள்ளலாம். மாறியது நான்காம் பிட் மட்டும். ஆனால், போர்ட் ஏ இப்போது வெளியீடு. அதன் பதிவேடு 0 ஆகத் துடைக்கப்பட்டிருக்கும். வெளியீட்டுப் போர்ட்டை `IN` மூலம் வாசித்தால் பிழை எதுவும் வராது. பதிவேட்டில் உள்ள 00 அமைதியாகத் திரும்பி வரும். நிரலின் கண்ணில் தொட்டி எப்போதும் காலி. மோட்டார் நிற்கவே நிற்காது.

இதைக் கண்டுபிடிக்கும் வழி விளக்குகளில் இருக்கிறது. தொட்டியில் பாதி நீர் இருக்கும்போதும் எட்டு விளக்குகளும் அணைந்தே இருந்தால், சுவிட்சுகளைக் கழற்றுமுன் கட்டுப்பாட்டுச் சொல்லைப் பார்க்க வேண்டும். மல்டிமீட்டர் இன்னும் தெளிவாகச் சொல்லும்: சுவிட்சின் கம்பியைப் பிடுங்கிய பிறகும் போர்ட் ஏயின் பின்னில் 0 வோல்ட்டுக்கு அருகிலேயே காட்டினால், அந்தப் பின் வெளியே கேட்கவில்லை, உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருக்கிறது. பழைய 8255இல் கட்டுப்பாட்டுப் பதிவேட்டைத் திரும்ப வாசிக்கவும் முடியாது. 82சி55இல்தான் அந்த வசதி வந்தது. ஆகவே அனுப்பிய சொல்லின் நகல் ஒன்றை நினைவகத்தில் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

புதிய பலகையில் எதையும் இணைக்குமுன் செய்யவேண்டிய சோதனை ஒன்றுண்டு. `80H` அனுப்பினால் மூன்று போர்ட்டுகளும் வெளியீடாகும். ஒவ்வொன்றிலும் முதலில் `55H`, பிறகு `AAH` எழுதி, பின்களை மீட்டரால் தொட்டுப் பார்க்க வேண்டும். இந்த இரண்டு மதிப்புகளிலும் அடுத்தடுத்த பின்கள் எதிரெதிராக இருக்கும். இரண்டு பின்கள் ஈயப்பற்றால் ஒட்டியிருந்தால் அவை மட்டும் இரண்டு முறையும் ஒரே மதிப்பைக் காட்டும். ஏ0, ஏ1 கம்பிகள் இடம் மாறியிருந்தால் பிக்கு எழுதியது சியில் தோன்றும்.

மோடு 1: கைகுலுக்கல்

சுவிட்சுக்கும் விளக்குக்கும் மோடு 0 போதும். அச்சுப்பொறி போன்ற ஒன்றுக்குப் போதாது. நுண்செயலி எழுத்துகளை அனுப்பும் வேகத்தில் அது அச்சிடாது. ‘வாங்கிவிட்டேன், அடுத்தது’ என்று அதுவும் சொல்ல வேண்டும். மோடு 1இல் போர்ட் ஏயும் பியும் தரவை ஏந்த, போர்ட் சியின் சில பின்கள் இந்தப் பேச்சுவார்த்தைக்கு ஒதுங்கிவிடுகின்றன. சி இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டதன் காரணம் இதுதான்.

போர்ட் ஏ வெளியீடாக உள்ளபோது நடப்பதைப் பார்க்கலாம். நுண்செயலி ஒரு பைட்டை எழுதியதும் சியின் 7ஆம் பின் தானாக 0க்கு இறங்கும். ‘தரவு தயார்’ என்ற அறிவிப்பு அது. எதிர்ப்பக்கம் தரவை எடுத்துக்கொண்டு 6ஆம் பின்னுக்கு ஒரு சிறு துடிப்பை அனுப்பும். உடனே 7ஆம் பின் மீண்டும் 1 ஆகும். துடிப்பு முடிந்ததும் 3ஆம் பின் உயர்ந்து நுண்செயலிக்கு இன்டர்ரப்ட் கொடுக்கும். நிரல் அடுத்த பைட்டை எழுதினால் அந்த இன்டர்ரப்ட் தானாக அடங்கும். இத்தனையும் நிரலில் ஒரு வரி கூட இல்லாமல் சில்லுக்குள்ளேயே நடக்கிறது. உள்ளீட்டிலும் இதே ஒழுங்குதான்: வெளிச் சாதனம் 4ஆம் பின்னில் துடிப்புக் கொடுத்ததும் தரவு பிடித்துவைக்கப்படும், நுண்செயலி வாசிக்கும்வரை 5ஆம் பின் ‘இடம் நிரம்பியிருக்கிறது’ என்று காட்டிக்கொண்டிருக்கும். மோடு 0இல் தொலைந்துபோன அந்தச் சுவிட்ச் அழுத்தம் இங்கே தொலையாது.

போர்ட் ஏ மோடு 1 வெளியீடு, மிஞ்சும் சி-4, சி-5 பின்கள் உள்ளீடு, மற்றக் குழு மோடு 0 வெளியீடு என்றால் சொல் 1010 1000, அதாவது `A8H`. இதை எழுதிவிட்டு இன்டர்ரப்ட் வரவில்லையே என்று காத்திருப்பவர்கள் பலர். இன்டர்ரப்ட்டை அனுமதிக்கும் பிட் தொடக்கத்தில் 0 ஆகவே இருக்கும். வெளியீட்டுக்கு அதை இயக்குவது சியின் 6ஆம் பின்னுக்கான தனிப்பிட் கட்டளை: `0DH`. அந்தப் பின் வெளியிலிருந்து துடிப்பு வாங்கும் உள்ளீடாக இருந்தாலும், இந்தக் கட்டளை பின்னை அசைக்காது. உள்ளிருக்கும் அனுமதிப் பிட்டை மட்டுமே மாற்றும். உள்ளீட்டில் அதே வேலைக்கு 4ஆம் பின்னின் எண்.

மோடு 2 இந்த இரண்டையும் ஒரே போர்ட்டில் சேர்க்கிறது. போர்ட் ஏயின் எட்டுக் கம்பிகளே போகவும் வரவும் பயன்படும். சியின் ஐந்து பின்கள் பேச்சுவார்த்தைக்குப் போய்விடும். எதிர்ப்பக்கம் கேட்கும்போது மட்டுமே போர்ட் ஏ தன் மதிப்பை வெளியே வைக்கும் என்பதால் இருபுறமும் மோதிக்கொள்வதில்லை. இரண்டு கணினிகள் ஒன்றோடொன்று தரவு மாற்றிக்கொள்ள இது பொருத்தம். போர்ட் பிக்கு இந்த வசதி இல்லை. நடைமுறையில் மோடு 2 தேவைப்பட்ட பலகைகள் குறைவு. பெரும்பாலானவை மோடு 0இலேயே காலம் கழித்தன.

1981இல் வந்த ஐபிஎம் பிசியும் அப்படித்தான். அதன் பலகையில் இருந்த 8255இன் முகவரிகள் 60H முதல் 63H வரை. கணினி விழிக்கும்போது அதன் பயாஸ் நிரல் 63Hக்கு அனுப்பி நிலைநிறுத்திய சொல் `99H`: ஏயும் சியும் உள்ளீடு, பி வெளியீடு. விசைப்பலகையின் குறியீடு 60Hஇல் வந்தது. ஒலிபெருக்கியின் கட்டுப்பாடு 61Hஇல் இருந்தது. 1984இன் ஏடி மாதிரியில் விசைப்பலகை வேலையை வேறொரு சில்லு ஏற்றுக்கொண்டு 8255 பலகையிலிருந்து நீங்கியது. ஆனால், பழைய நிரல்கள் ஓட வேண்டும் என்பதற்காக விசைப்பலகைக்கு 60H, ஒலிபெருக்கிக்கு 61H என்ற முகவரிகள் அப்படியே வைத்துக்கொள்ளப்பட்டன.